லிக்விடிட்டி: லைட்னிங்கில் ‘வழி இல்லை’ என்று வருவதன் பொருள்

லைட்னிங் என்பது பிட்காயினை உடனுக்குடன் அனுப்பவும் வாங்கவும் உதவும் வலையமைப்பு. அதில் இணைந்த கணினியான நோடு ஒன்றைச் சொந்தமாக ஓட்டுகிறவர்கள் சீக்கிரமே பார்த்துவிடும் வரி இது:

```
FAILURE_REASON_NO_ROUTE
```

நோடை ஓட்ட உதவும் எல்என்டி என்ற மென்பொருள், பணம் அனுப்ப முடியாதபோது காட்டும் செய்தி. படித்தவுடன் ‘நமக்கும் பணம் வாங்குகிறவருக்கும் நடுவில் தொடர்பே இல்லை போல’ என்றுதான் தோன்றும். வலையமைப்பின் வரைபடத்தைத் திறந்து பார்த்தால் நான்கைந்து வழி இருக்கும். குழப்பம் அங்கேதான் ஆரம்பம். பெரும்பாலான நேரம் இந்தச் செய்திக்கு அர்த்தம், வழிகளை முயன்று பார்த்தாயிற்று, நடுவில் எங்கோ பணம் தேவையான பக்கத்தில் இல்லை என்பதுதான். அந்த ‘தேவையான பக்கத்தில் இருக்கும் பணம்’ என்பதற்கு இந்த வட்டாரத்தில் லிக்விடிட்டி என்று பெயர்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. லிக்விடஸ் என்றால் பாய்வது, தெளிவானது. பிற்பாடு நிதித்துறை அதை எடுத்துக்கொண்டு, ஒரு சொத்தை எவ்வளவு எளிதில் ரொக்கமாக்கலாம் என்பதற்கு வைத்தது: வீடு மெதுவாகத்தான் பணமாகும், சேமிப்புக் கணக்கில் இருப்பது உடனே. தமிழில் இதற்கு ‘நீர்மைத்தன்மை’, ‘பணப்புழக்கம்’ இரண்டையும் எழுதுகிறார்கள். லைட்னிங்குக்கு இரண்டும் சரிவராது என்பது என் எண்ணம். ஏனென்றால் இங்கே எதையும் எதுவாகவும் மாற்றவேண்டியதில்லை, சேனலில் இருப்பது எல்லாமே பிட்காயின்தான். கேள்வி அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பது மட்டும்.

சேனல் என்பது இரண்டு பேர் சேர்ந்து பூட்டிவைத்த ஒரு தொகை. மணிச்சட்டத்தில் ஒரு கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள்: மணிகளின் எண்ணிக்கை மாறாது, இடமிருந்து வலமோ வலமிருந்து இடமோ தள்ளத்தான் முடியும். மொத்த மணிகள்தான் கொள்ளளவு, அதை யாரும் பார்க்கலாம். எந்தப் பக்கம் எத்தனை என்பது அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். அந்தரங்கம் ஒரு காரணம். ஒவ்வொரு முறை பணம் போகும்போதும் மாறுகிற எண்ணை வலையமைப்பு முழுக்க அறிவித்துக்கொண்டே இருக்க முடியாது என்பது இன்னொன்று. ஆக, வழியைத் தேர்ந்தெடுப்பவர் அனுப்புகிறவர்தான், ஆனால் வழியில் இருக்கும் சேனல்களின் இருப்பு அவருக்குத் தெரியாது. ஊகித்துத்தான் அனுப்புகிறார்.

ஓர் உதாரணம் பார்ப்போம். அமுதா, தேவனுக்கு 2,00,000 சடோஷி அனுப்பவேண்டும், சடோஷி என்பது பிட்காயினின் மிகச் சிறிய அலகு. இருவருக்கும் நடுவில் நேரடிச் சேனல் இல்லை, மற்றவர்களின் சேனல்கள் வழியாகத்தான் போகவேண்டும்: அமுதா, பாரி, செல்வி, தேவன். அமுதா–பாரி சேனலில் அமுதா பக்கம் 6,00,000 இருக்கிறது, பிரச்சினை இல்லை. செல்வி–தேவன் சேனலின் கொள்ளளவு 5,00,000, அதில் செல்வி பக்கம் 4,00,000, அதுவும் சரி. நடுவில் இருக்கும் பாரி–செல்வி சேனல்தான் மூன்றிலும் பெரியது, 20,00,000. வரைபடத்தைப் பார்த்தால் இதுதான் கவலையே இல்லாத இடம் என்று தோன்றும். ஆனால் அதில் பாரி பக்கம் இருப்பது 1,50,000 மட்டும், மீதி எல்லாம் செல்வி பக்கம் நகர்ந்துவிட்டது. பாரியால் 2,00,000-ஐத் தள்ள முடியாது. அவருடைய நோடு திருப்பி அனுப்பும் பதில்:

```
TEMPORARY_CHANNEL_FAILURE
```

பணம் எங்கும் போய்விடவில்லை. அமுதா முன்வைத்த தொகை விடுவிக்கப்பட்டு அவர் பக்கத்துக்கே திரும்பும். அவருடைய நோடு ‘பாரியிலிருந்து செல்விக்கு இவ்வளவு போகாது’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வழியை முயலும். முயல வழி தீர்ந்துபோனால், அப்போதுதான் கடைசியாக அந்த ‘வழி இல்லை’ வரும். அதாவது மேலே பார்த்த செய்தி பல தோல்விகளின் முடிவு, காரணம் உள்ளே ஒளிந்திருக்கிறது.

காரணத்தைப் பார்க்க `lncli payinvoice` ஓடும்போது திரையில் விரியும் அட்டவணையைக் கவனியுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி வரும், எந்தப் பிழை, எத்தனையாவது நோடில் என்பதோடு. அனுப்புகிறவரை 0 என்று வைத்து எண்ணுகிறார்கள், எனவே இங்கே 1 என்றால் பாரி, 2 என்றால் செல்வி. (இயல்பான அமைப்பில் தோற்ற முயற்சிகளின் விவரத்தை நோடு சேமித்துவைப்பதில்லை, அதனால் அப்புறம் தேடலாம் என்று விட்டுவிடாதீர்கள்.) அட்டவணையில் ஒரு வரிகூட வராமல் நேராக ‘வழி இல்லை’ என்று வந்தால் அது வேறு கதை: தேவனின் சேனல் அறிவிக்கப்படாத தனிச் சேனலாக இருந்து, பணம் கேட்டு அவர் தந்த இன்வாய்ஸில் அந்தச் சேனலைக் காட்டும் வழிக்குறிப்பு விடுபட்டிருக்கலாம், அல்லது நடுவில் இருக்கும் நோடுகளுக்குத் தரும் கட்டணத்துக்கு நீங்கள் வைத்த உச்சவரம்பு குறைவாக இருக்கலாம்.

பாரியிடம் நின்றுபோனதற்கு அமுதா பக்கம் தீர்வு உண்டு. தொகையைப் பிரித்து அனுப்பலாம். 1,20,000 பாரி–செல்வி சேனல் வழியாக, 80,000 பாரியிலிருந்து நிலா என்ற இன்னொரு நோடு வழியாகச் செல்விக்கு. 1,50,000 முழுவதையும் ஏன் அனுப்பக்கூடாது என்றால், சேனலில் இரு பக்கமும் ஒரு சிறு தொகையை, வழக்கமாகக் கொள்ளளவில் 1%, தொடாமல் வைத்திருக்கவேண்டும். இங்கே அது 20,000. இந்தப் பிரிப்பைப் பெரும்பாலான நோடுகள் தாமாகவே செய்துபார்க்கும், இன்வாய்ஸ் அதை அனுமதித்தால் போதும்.

பிழை 2-இல் வந்தால்தான் சிக்கல். செல்வி பக்கம் 4,00,000-க்குப் பதில் 90,000 மட்டும் இருக்கிறது, தேவனுக்கு வேறு சேனலும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எத்தனை துண்டாகப் பிரித்தாலும் எல்லாம் அந்தக் கடைசி சேனல் வழியாகத்தான் நுழையவேண்டும், 2,00,000 நுழையவே நுழையாது. அமுதா எதைச் செய்தாலும் பயனில்லை. சரிசெய்யவேண்டியவர் தேவன். `lncli listchannels` போட்டால் `remote_balance` என்ற இடத்தில் அவருக்கு அந்த 90,000 தெரியும்.

புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். ‘வாங்க முடியவில்லை, சரி, இன்னொரு சேனல் திறந்துவிடுவோம்’ என்று தேவனே திறந்தால், போட்ட பணம் முழுதும் அவர் பக்கமே நிற்கும், அனுப்ப முடியுமே தவிர வாங்க முடியாது. வேறொருவர் தன் பணத்தைப் போட்டு அவரை நோக்கி ஒரு சேனல் திறக்கவேண்டும். அல்லது தேவன் தன் பக்கம் இருக்கும் 4,10,000-இல் கொஞ்சத்தைச் செலவழிக்கவேண்டும், இல்லையென்றால் லைட்னிங்கில் இருப்பதை வாங்கிக்கொண்டு பிளாக்செயினில் தரும் மாற்றுச் சேவை ஒன்றின் மூலம் பிளாக்செயின் முகவரிக்கு எடுத்துக்கொள்ளவேண்டும். அவர் பக்கத்திலிருந்து 2,00,000 வெளியேறினால் அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் கூடும், அமுதா அனுப்பும் பணமும் உள்ளே வரும்.

இதனால்தான் லிக்விடிட்டிக்கு ஒரே தமிழ்ச்சொல் தேடுவதைவிட இரண்டாகப் பிரித்துச் சொல்வது நல்லது என்பேன். நம் பக்கம் இருப்பது செலுத்துதிறன், எதிர்ப்பக்கம் இருப்பது பெறுதிறன். ‘சேனலில் லிக்விடிட்டி இல்லை’ என்று யாராவது சொன்னால் எந்தத் திறன் என்று கேட்டாகவேண்டியிருக்கிறது, ‘பெறுதிறன் போதவில்லை’ என்றால் யார் எதைச் செய்யவேண்டும் என்பதும் சேர்ந்தே புரிந்துவிடுகிறது. பேச்சில் லிக்விடிட்டி இருந்துவிட்டுப் போகட்டும், பிழையை விளக்கி எழுதும்போது இந்த இரண்டையும் பயன்படுத்திப் பாருங்கள்.