ஒவ்வொரு தடவையும் வேற விடை வருதே, ஏன்?

கடலூரில் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. புயல் நிவாரணப் பொருள்களை முன்கூட்டியே இறக்கி வைக்க 8 இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேவனாம்பட்டினம், தாழங்குடா என்று கடலோர ஊர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதையெல்லாம் கணினியில் கொடுத்து ஊர்களைக் குழுக்களாகப் பிரிக்கும் கே-மீன்ஸ் முறையை ஓட்டியிருக்கிறார். ஒரு தடவை ஒரு விடை வந்தது, அதே நிரலை மறுபடி ஓட்டினால் வேறு விடை. "நிரல்ல தப்பா சார், இல்ல கணக்கே இப்படித்தானா?" 2011-ல் தானே புயல், 2024-ல் ஃபெஞ்சல் புயல் என்று அடிவாங்கிய ஊரிலிருந்து வரும் கேள்வி என்பதால் முழுசாகவே பதில் சொல்ல ஆசை.

நிரலில் தப்பு இல்லை, கணக்கே இப்படித்தான்.

கே-மீன்ஸ் செய்வது ரொம்ப எளிது. 8 மையங்களை எங்கேயாவது வை. ஒவ்வொரு ஊரையும் பக்கத்து மையத்தோடு சேர். சேர்ந்த ஊர்களின் சராசரி இடத்துக்கு மையத்தை நகர்த்து. மறுபடி சேர், மறுபடி நகர்த்து, எதுவும் மாறாத வரைக்கும். பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் லாய்ட் 1957-லேயே எழுதி வைத்து, 1982-ல்தான் அச்சில் வந்த முறை இது. ஊருக்கும் மையத்துக்கும் உள்ள தூரத்தின் வர்க்கங்களைக் கூட்டினால் வரும் தொகை ஒவ்வொரு படியிலும் குறையும், இல்லையென்றால் அப்படியே நிற்கும், ஏறவே ஏறாது. சிக்கலும் அதில்தான் இருக்கிறது. மழைத் தண்ணீர் மேட்டில் ஏறாது, அதனால் கடல் இன்னும் தாழ்வாகக் கொஞ்ச தூரத்திலேயே இருந்தும் தெருப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். அந்தத் தெருப் பள்ளம்தான் லோக்கல் மினிமம், கடல்தான் குளோபல் மினிமம். கான்வெக்ஸ் என்னும் வகைக் கணக்கில் பள்ளம் ஒன்றுதான் இருக்கும், அங்கே எங்கே ஆரம்பித்தாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். கே-மீன்ஸ் அந்த வகை கிடையாது.

நான்கே ஊரை வைத்து இதைக் கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம். நீளம் 10 கி.மீ., அகலம் 4 கி.மீ. உள்ள ஒரு செவ்வகத்தின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு ஊர், நமக்கு வேண்டியது இரண்டு மையம். நல்ல விடை கண்ணுக்கே தெரியும்: 4 கி.மீ. இடைவெளியில் இருக்கும் ஊர்களை ஜோடி சேர்த்தால் ஒவ்வொரு ஊரும் மையத்திலிருந்து 2 கி.மீ., வர்க்கக் கூட்டல் 4 × 4 = 16. இப்போது தப்பான விடையைப் பாருங்கள். 10 கி.மீ. இடைவெளி உள்ள ஊர்களை ஜோடி சேர்த்து, இரண்டு நீளப் பக்கங்களின் நடுவிலும் ஒவ்வொரு மையம் வைத்தால் ஒவ்வொரு ஊருக்கும் 5 கி.மீ., கூட்டல் 4 × 25 = 100. ஆறு மடங்குக்கும் மேல் மோசம். ஆனாலும் அங்கிருந்து அது நகராது. எந்த ஊரை எடுத்தாலும் எதிர்ப்பக்க மையத்தைவிடத் தன் மையம்தான் கிட்டே இருக்கிறது, மையமோ சராசரியில்தான் உட்கார்ந்திருக்கிறது. 'முடிந்தது' என்று சொல்லிக் கணினி நின்றுவிடும்.

எதில் போய் மாட்டும் என்பது ஆரம்பத்தைப் பொறுத்தது. நான்கு ஊரில் ஏதோ இரண்டைக் குலுக்கி எடுத்து ஆரம்பித்தால் மொத்தம் 6 ஜோடி வரலாம். அதில் 4 கி.மீ. பக்கத்து ஜோடிகள் இரண்டும் 100-க்குக் கொண்டுபோய் விடும், மற்ற நான்கும் 16-ல் முடியும். ஆக, கெட்ட முடிவுக்கு வாய்ப்பு மூன்றில் ஒன்று. ஐந்து தடவை புதுப்புதுக் குலுக்கலில் ஓட்டி, வந்ததில் சிறியதை எடுத்துக்கொண்டால், ஐந்துமே கெட்டுப்போக வாய்ப்பு 243-ல் ஒன்று. மல்டி-ஸ்டார்ட் என்பது இவ்வளவுதான்.

இவ்வளவு எளிதாக இருப்பது இரண்டே மையம் என்பதால்தான். ஒன்றுக்கொன்று தள்ளி, ஏறக்குறைய ஒரே அளவில் 10 ஊர்க் கூட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குலுக்கி எடுக்கும் 10 ஆரம்பப் புள்ளிகளும் கூட்டத்துக்கு ஒன்றாக விழ வாய்ப்பு 10!/10¹⁰, அதாவது சுமார் 2,750-ல் ஒன்று. அப்படி விழாவிட்டால் ஒரு கூட்டத்தில் இரண்டு மையம் இருக்கும், வேறெங்கோ இரண்டு கூட்டத்துக்கு ஒன்றுதான் இருக்கும், இடைவெளி பெரியதென்றால் பெரும்பாலும் அது சரியாகவும் ஆகாது. நூறு தடவை ஓட்டினாலும் பயன் குறைவு. இதற்கு 2007-ல் ஆர்தரும் வாசில்விட்ஸ்கியும் கொடுத்த வழிதான் கே-மீன்ஸ்++. முதல் மையத்தைக் குலுக்கி எடு, அடுத்ததை எடுக்கும்போது ஏற்கெனவே எடுத்த மையத்திலிருந்து தள்ளி இருக்கும் ஊருக்கு, தூரத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி, அதிக வாய்ப்புக் கொடு. நம் செவ்வகத்தில் மிச்சம் மூன்று ஊருக்கும் எடை 16, 100, 116 என்று விழும். கெட்ட ஜோடி வர வாய்ப்பு 232-ல் 16, அதாவது 7 சதவீதம், முன்பு 33 இருந்தது.

சரி, எத்தனை தடவை ஓட்டினால் போதும்? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். எத்தனை பள்ளம் இருக்கிறது என்றே தெரியாதபோது, இன்னும் பார்க்காத பள்ளங்களைப் பற்றி எப்படிப் பேச முடியும்? முடியும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் சங்கேதங்களை உடைக்கும்போது ஆலன் டூரிங் யோசித்ததை, கூட வேலை பார்த்த ஐ. ஜே. குட் 1953-ல் வெளியிட்டார். 100 தடவை ஓட்டி, ஒவ்வொன்றும் எந்தத் தொகையில் முடிந்தது என்று எழுதி வையுங்கள். ஒரே ஒரு தடவை மட்டும் தலைகாட்டிய தொகைகள் எத்தனை என்று எண்ணுங்கள். அது 12 என்றால், 101-வது ஓட்டம் இதுவரை பார்க்காத பள்ளத்தில் விழ வாய்ப்பு சுமாராக 12/100. ஒற்றையாக வந்தவை பூஜ்யம், மிகச் சிறிய தொகையே பலமுறை திரும்பத் திரும்ப வருகிறது என்றால் தேடலை நிறுத்தலாம். மிகச் சிறிய தொகையே ஒற்றையாக வந்திருந்தால் நிறுத்தவே கூடாது. பைதானில் இப்படிப் பார்க்கலாம், X என்பது ஊர்களின் இடங்கள், கிலோமீட்டரில், `inertia_` என்பது நாம் பார்த்த வர்க்கத் தொகை:

```python
from collections import Counter
from sklearn.cluster import KMeans

v = [round(KMeans(8, n_init=1, random_state=s).fit(X).inertia_, 3)
     for s in range(100)]
for total, times in sorted(Counter(v).items()):
    print(total, times)
```

பலர் குலுக்கலைத் தொடங்கி வைக்கும் விதை எண்ணை `random_state=42` என்று ஒன்றாகவே போட்டுவிட்டு, விடை மாறுவது நின்றுவிட்டதே என்று திருப்திப்பட்டு விடுகிறார்கள். இது ராசியான நம்பர் பார்ப்பது மாதிரிதான். விதையை நிலைநிறுத்தினால் அதே பள்ளம் தினமும் கிடைக்கும், அது ஆழமானதா என்று எதுவும் தெரியாது. விடை மாறுகிறதே என்று கவலைப்பட்டுக் கேள்வி கேட்ட மாணவர் அதை மறைக்காமல் விட்டதற்காகவே அவரைப் பாராட்டுகிறேன். அரசுத் துறைகளும் இப்படிக் கணக்குப் போட்டு இடம் தேர்ந்தெடுத்தால், இந்த ஓட்டப் பட்டியலையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. அச்சடிக்க ஒரு பக்கம் போதும்.

டூரிங்-குட் மதிப்பீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. பார்க்காத பள்ளங்களில் விழும் வாய்ப்பு எவ்வளவு என்றுதான் அது சொல்லும், அவை எவ்வளவு ஆழம் என்று சொல்லாது. ரொம்ப ஆழமான பள்ளத்துக்கு வாய் சின்னதாக இருந்தால், ஆயிரம் ஓட்டத்திலும் ஒன்றுகூட அதில் விழாமல் போகலாம், பட்டியலில் அதன் சுவடே இருக்காது. அதனால்தான் ஆரம்பப் புள்ளிகளை எப்படி எடுக்கிறோம் என்பதை மாற்றியும் ஓட்ட வேண்டும்: ஒரு நூறு கே-மீன்ஸ்++ முறையில், ஒரு நூறு வெறும் குலுக்கலில் (`init="random"`), இன்னும் கொஞ்சம் கையால் வைத்த இடங்களிலிருந்து. மூன்று வகையிலும் மிகச் சிறிய தொகை ஒன்றாகவே வந்தால் நம்பிக்கை கூடும்.

அப்புறம், கடலூருக்கென்றே ஒரு விஷயம். இந்தக் கணக்கு நேர்கோட்டுத் தூரத்தை எடுக்கிறது, நடுவில் தென்பெண்ணையும் கெடிலமும் உப்பனாறும் ஓடுகின்றன. எதிர்க்கரை ஊர் 1 கி.மீ. என்று கணினி சொல்லும், லாரி பாலம் சுற்றித்தான் போக முடியும். சாலைத் தூரத்தை வைத்தால் 'சராசரி இடம்' என்பதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும், நேர்கோட்டுச் சராசரியோ ஆற்றின் நடுவிலும் விழலாம். அப்போது மையமாக ஏதாவது ஓர் ஊரையே எடுக்கும் கே-மெடாய்ட்ஸ் முறைக்குப் போக வேண்டும். அதிலும் தெருப் பள்ளங்கள் உண்டு, அங்கேயும் நூறு ஓட்டம் ஓட்டி ஒற்றைகளை இதே மாதிரி எண்ணலாம்.