உருவம் பெரிது, உயிர் ஒரு புள்ளி

புல்லட் ஹெல் வகை கேம் ஒன்றை முதன்முறையாகப் பார்ப்பவருக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இதில் யாரும் பிழைக்க முடியாது. திரை முழுக்கக் குண்டுகள். நடுவே நம் ஆள். ஆனால் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஒன்று உறுத்தும். ஒரு குண்டு அவள் தோளை உரசிப் போகிறது, இன்னொன்று பாவாடையைத் தாண்டிப் போகிறது, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

காரணம், கணினிக்கு அந்தப் படம் ஒரு பொருட்டே இல்லை. உடம்பின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. குண்டு அதைத் தொட்டால்தான் சாவு. இதற்கு ஹிட்பாக்ஸ் என்று பெயர். பழைய ஷூட்டர்களில் குண்டுகள் குறைவு, வேகம் அதிகம், ஹிட்பாக்ஸும் பெரிது. 1993இல் டோவாபிளான் நிறுவனம் வெளியிட்ட பட்ஸுகுன் அந்தக் கணக்கை மாற்றத் தொடங்கியது. குண்டுகள் பெருகின. அதன் சிறப்புப் பதிப்பில் ஹிட்பாக்ஸையும் சுருக்கினார்கள். அடுத்த ஆண்டே டோவாபிளான் மூடப்பட்டது. அங்கிருந்து வந்தவர்கள் கேவ் நிறுவனத்தில் டோடோன்பாச்சி (1997) போன்ற கேம்களை எடுத்து இந்த வகைக்கு ஒரு முகம் கொடுத்தார்கள்.

நாம் பார்க்கப்போவது கணினியில் வந்த தோஹோ வரிசையின் 2002 கேம், எம்பாடிமென்ட் ஆஃப் ஸ்கார்லெட் டெவில். ஸுன் என்ற ஒற்றை மனிதரின் கைவேலை. ஆடுகளம் 384 பிக்சல் அகலம், 448 உயரம். அதில் நாம் ஆட்டுவிக்கும் பாத்திரமான ரெய்முவின் படம் 32 பிக்சல் அகலம். கணக்குக்காக, ஹிட்பாக்ஸை 2 பிக்சல் ஆரமுள்ள வட்டமாகவும் குண்டை 4 பிக்சல் ஆரமுள்ள வட்டமாகவும் வைத்துக்கொள்வோம். உண்மையான கேமில் குண்டுக்குக் குண்டு அளவு மாறும். கணக்கின் போக்கு மாறாது.

மையங்களுக்கு நடுவே உள்ள கிடைமட்ட, செங்குத்துத் தூரங்கள் dx, dy, ஆரங்கள் r1, r2 என்றால், இரண்டு வட்டங்கள் மோதுகின்றனவா என்று பார்க்க ஒரு வரி போதும்:

```
dx*dx + dy*dy < (r1 + r2)*(r1 + r2)
```

இதில் ஆரங்களின் கூட்டல்தான் கணக்கில் வருகிறது. அதனால் நம் ஆளை வெறும் புள்ளியாகச் சுருக்கி, அவள் ஆரத்தைக் குண்டோடு சேர்த்துவிடலாம், விடை ஒன்றுதான். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு குண்டும் 6 பிக்சல் ஆரமுள்ள தடை வட்டம். படத்தின் அகலம் முழுவதும் சாகும் இடமாக இருந்தால் (ஆரம் 16) தடை வட்டத்தின் ஆரம் 20. ஆரம் மூன்று மடங்கு சொச்சம்தான் கூடியது. பரப்போ 11 மடங்கு. ஒரு குண்டு அடைக்கும் இடம் 113 சதுர பிக்சலிலிருந்து 1,257க்குப் போய்விடுகிறது.

சரி, குண்டுகள் எப்படி வருகின்றன என்று பார்ப்போம். ஆடிப் பழகியவர்கள் குண்டுகளை எண்ணுவதே இல்லை. 'இது என்னைக் குறிவைத்ததா, எங்கே நின்றாலும் மாறாததா, கண்டபடி இறைப்பதா' என்றுதான் பார்ப்பார்கள். நிஜ அமைப்புகள் பெரும்பாலும் இந்த மூன்றின் கலவைதான்.

குறிவைத்த குண்டுகளிலிருந்து தொடங்குவோம். எதிரி விசிறி போல நான்கு குண்டுகளைச் சுடுகிறாள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 10 டிகிரி. விசிறியின் நடுக்கோடு உங்களை நோக்கி வருகிறது. நான்கு இரட்டை எண் என்பதால் நடுக்கோட்டில் குண்டு கிடையாது, இடைவெளிதான் இருக்கிறது. எதிரியிலிருந்து 200 பிக்சல் தள்ளி நின்றால், உங்களுக்கு இருபுறமும் வரும் குண்டுகளின் மையங்களுக்கு நடுவே சுமார் 35 பிக்சல். குண்டுகளின் பருமனைக் கழித்தால் 27. ரெய்முவின் 32 பிக்சல் அகலமும் சாகும் இடம் என்றால் அசையாமல் நின்றாலும் அடிபடுவாள். சின்ன ஹிட்பாக்ஸுக்கு இருபுறமும் 11 பிக்சல் மிச்சம். ஒன்றும் செய்யாமல் நிற்பதே சரியான ஆட்டம்.

புதியவர் செத்துப்போவது இங்கேதான். குண்டு வருவதைப் பார்த்ததும் கை தானாக ஒதுங்குகிறது. ரெய்மு ஒரு பிரேமுக்கு 4 பிக்சல் நகர்கிறாள், நொடிக்கு 60 பிரேம் என்று வைத்துக்கொண்டால், மூன்று பிரேமில், அதாவது நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில், 12 பிக்சல் நகர்ந்து பக்கத்துக் குண்டுக்குள் தானே நுழைந்துவிடுகிறாள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே நகர்த்தினால் வேகம் குறைவது இதற்காகத்தான். வேகம் பாதியானால் அதே பதற்றத்துக்கு 6 பிக்சல்தான் நகர்வாள், பிழைத்துக்கொள்வாள்.

ஐந்து குண்டு விசிறி என்றால் நடுக்குண்டு நேராக உங்கள்மேல் வரும், விலகியாக வேண்டும். அதே 35 பிக்சல் இடைவெளியில், 6 பிக்சலுக்கு மேலும் 29க்குக் குறைவாகவும் நகர்ந்தால் அடுத்த சந்தில் நுழைந்துவிடலாம். பெரிய ஹிட்பாக்ஸ் என்றால் 20க்கு மேலும் 15க்குக் குறைவாகவும் நகர வேண்டும். அப்படி ஒரு எண் இல்லை! விசிறிக்கு நடுவே இடமே கிடையாது, சுற்றிக்கொண்டுதான் ஓட வேண்டும்.

தொடர்ந்து உங்களையே குறிவைத்துச் சுடும் எதிரியிடம் விஷயம் இன்னும் சுவையானது. அந்தக் குண்டு நீங்கள் இப்போது இருக்கும் இடத்துக்கு வருவதில்லை, சுட்ட நொடியில் இருந்த இடத்துக்கு வருகிறது. 300 பிக்சல் தூரம், பிரேமுக்கு 3 பிக்சல் வேகம் என்றால் அது வந்து சேர 100 பிரேம் ஆகும். அதற்குள் நீங்கள் 6 பிக்சல் நகர்ந்திருந்தால் போதும். இப்படி ஒரே பக்கமாக ஊர்ந்தால் ஆடுகளத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக, கணக்குப்படி, ஒன்றே முக்கால் நிமிடம் கிடைக்கும். 20 பிக்சல் நகர்ந்தாக வேண்டும் என்றால் 32 நொடிதான். புதியவரோ முழு வேகத்தில் ஓடி ஒன்றரை நொடியில் சுவரில் போய் முட்டி நிற்பார். அப்புறம் பின்னால் வரும் குண்டு வரிசை மொத்தமும் அவரை மூலையில் பிடித்துக்கொள்ளும். ஓரம் நெருங்கிவிட்டால் ஒரு கணம் வேகமாக நகர்ந்து வரிசையில் பெரிய இடைவெளி உண்டாக்கி, அதன் வழியே மறுபக்கம் திரும்ப வேண்டும். ஜப்பானிய ஆட்டக்காரர்கள் இதற்குக் கிரிகாயெஷி என்பார்கள். இந்த வித்தையைக் கற்காமல் மேலே போவது கடினம்.

எங்கே நின்றாலும் மாறாத அமைப்புகளுக்கு இரண்டாம் ஸ்டேஜ் பாஸ் சிர்னோவின் 'ஐசிகிள் ஃபால்' பேர்போன உதாரணம். பனித்துண்டுகள் அவளுடைய இருபுறமும் விரிந்து போய், திரும்பி உள்நோக்கி விழும். ஈஸி லெவலில் அவள் மூக்குக்கு நேராகப் போய் நின்றால் ஒன்றும் படாது. எதிரியிடமிருந்து தள்ளி நில் என்ற உள்ளுணர்வுதான் இங்கே ஆளைக் கொல்கிறது. நார்மலில் அவள் முன்பக்கமாகவும் சுடுவாள், அந்த வசதி போய்விடும்.

மூன்றாவது, கண்டபடி இறைப்பது. 200 குண்டுகள் ஆடுகளம் முழுக்கச் சிதறிக் கிடப்பதாக வையுங்கள். 6 பிக்சல் ஆரத் தடைகள் என்றால் பரப்பில் சுமார் 12 விழுக்காடு அடைபடும். 20 பிக்சல் என்றால், தடைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதைக் கழித்தும், 77 விழுக்காடு. அப்போதும் 23 விழுக்காடு காலியாக இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. வட்டங்களைச் சமதளத்தில் கண்டபடி இறைத்துக்கொண்டே போனால், மூடிய பரப்பு சுமார் 68 விழுக்காட்டைத் தாண்டும்போது மிச்சமுள்ள காலியிடம் ஒன்றோடொன்று தொடர்பில்லாத துண்டுகளாக உடைந்துவிடும். இயற்பியலில் பெர்கோலேஷன் என்று படிப்பது இதைத்தான். சாலைகள் எல்லாம் வெட்டுப்பட்டு வெள்ளத்தில் நிற்கும் ஊர் மாதிரி, நிற்க இடமிருக்கும், போக வழியிருக்காது. குண்டுகள் நகர்வதால் புதுச் சந்துகள் திறக்கலாம்தான், ஆனால் அது உங்கள் கையில் இல்லை. சின்ன ஹிட்பாக்ஸ் அந்த எல்லையிலிருந்து வெகு தூரம் தள்ளி வைக்கிறது. ஒரு சந்தைத் தவறவிட்டாலும் பக்கத்தில் இன்னொன்று இருக்கும்.

புள்ளி சின்னது என்று தெரிந்துகொண்டு கண்ணை அதன்மேலேயே வைத்திருப்பதும் ஆபத்து. கண்ணில் பார்வை மிகக் கூர்மையாக இருப்பது நடுவில் ஓரிரண்டு டிகிரி மட்டும். பார்த்துக் கை அசைவதற்குக் கால் நொடி போய்விடும். அதற்குள், பிரேமுக்கு 3 பிக்சல் நகரும் அந்தக் குண்டு 45 பிக்சல் வந்திருக்கும். எனவே பார்வை நம் ஆளுக்குக் கொஞ்சம் மேலே, குண்டுகள் வரும் பக்கம் இருக்க வேண்டும். ஆள் இருக்கும் இடத்தை ஓரப்பார்வை கவனித்துக்கொள்ளும். 2002 கேமில் ஹிட்பாக்ஸ் திரையில் தெரியவே தெரியாது. 2003இல் வந்த பெர்ஃபெக்ட் செர்ரி பிளாசமில்தான் ஷிஃப்ட் அழுத்தினால் அது தெரிய ஆரம்பித்தது. என் கருத்தில், தொடங்குபவருக்கு ஈஸி லெவலைவிட அந்தப் புள்ளி பெரிய உதவி.

சின்ன ஹிட்பாக்ஸ் தந்த இடத்தை வடிவமைப்பாளர்கள் சும்மா விடுவதில்லை, மேல் லெவல்களில் அதையும் குண்டுகளால் நிரப்பிவிடுவார்கள். அதனால் ஏன் செத்தோம் என்று பார்க்கத் தெரிய வேண்டும். ரீப்ளேயைச் சேமித்து, அடிபட்ட இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பக்கத்தில் திறந்த சந்து இருந்தும் அடிபட்டிருந்தால் கை அதிகம் நகர்ந்திருக்கிறது. ஷிஃப்ட் அழுத்தியிருக்க வேண்டும். நான்கு பக்கமும் அடைபட்டிருந்தால் தவறு அந்த நொடியில் நடக்கவில்லை. இரண்டு மூன்று நொடி பின்னால் ஓட்டிப் பார்த்தால், பெரும்பாலும் குறிவைத்த குண்டு வரிசை ஒன்றை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது நீங்களாகத்தான் இருக்கும்.