டேலைட் சேவிங் டைம்: கோடை நேரம்

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் வழக்கத்துக்கு அமெரிக்காவில் டேலைட் சேவிங் டைம் என்று பெயர். பிரிட்டனில் 1916-இல் வந்த சட்டம் இதையே சம்மர் டைம் என்றது. தமிழில் ‘பகலொளி சேமிப்பு நேரம்’ என்று எழுதுகிறார்கள். ஆனால் ஒளியை யாரும் சேமிப்பதில்லை, கடிகாரம்தான் நகர்கிறது. ‘கோடை நேரம்’ என்பதே பொருந்தும் சொல். அதிலும் ஒரு குறை உண்டு: எல்லா நாட்டிலும் ஒரே நாளில் தொடங்குவதுபோல ஒலிக்கிறது.

அப்படித் தொடங்குவதில்லை. அமெரிக்காவில் இது மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. நியூயார்க் பங்குச் சந்தை அங்குள்ள கடிகாரப்படி எப்போதும் காலை 9:30-க்குத்தான் திறக்கும். லண்டனில் அது வழக்கமாக மதியம் 2:30. இடைப்பட்ட வாரங்களில் 1:30.

2026 மார்ச் 16-ஐ எடுத்துக்கொள்வோம். இரு நகரங்களையும் நேராக ஒப்பிடாமல், இடையில் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தை வைத்தால் குழப்பம் வராது. அமெரிக்கா மார்ச் 8-இலேயே மாறிவிட்டதால் நியூயார்க் யூடிசிக்கு 4 மணி பின்தங்கியிருக்கும். 9:30 என்பது யூடிசி 13:30. பிரிட்டன் 29-ஆம் தேதிதான் மாறும் என்பதால் லண்டனும் யூடிசியும் அன்று ஒன்றே. ஆகவே திறப்பு 1:30. அக்டோபர் 26 முதல் 30 வரையும் இதே கதைதான். வசந்தத்தில் முந்துவதும் இலையுதிர்காலத்தில் பிந்துவதும் அமெரிக்காவே என்பதால், இரு இடைவெளியிலும் பிழை ஒரே பக்கம்தான்: வழக்கமான 2:30-ஐயே நம்பியிருக்கும் லண்டன்காரர் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். லண்டன் சந்தை 4:30-க்கு மூடுவதால், இரு சந்தைகளும் சேர்ந்து இயங்கும் நேரம் அந்நாட்களில் இரண்டு மணியிலிருந்து மூன்றாகிறது.

இந்தியாவில் கடிகாரம் மாறுவதே இல்லை. சென்னையில் இருப்பவர் அமெரிக்கத் தேதிகளை மட்டும் பார்த்தால் போதும்: அங்கே கோடை நேரம் என்றால் இரவு 7:00, இல்லையென்றால் 8:00.

பெயரில் இன்னொரு கண்ணி உண்டு. ஜூலையிலும் பழக்கதோஷத்தில் ‘9:30 EST’ என்று எழுதுபவர்கள் ஏராளம். EST குளிர்கால நேரம், யூடிசிக்கு 5 மணி பின், கோடையில் EDT. எழுதியதை அப்படியே கணக்கிட்டால் லண்டனில் 3:30 என்று வரும். மாற்றும் கருவியில் இந்த எழுத்துகளைத் தவிர்த்து `America/New_York`, `Europe/London` என்று ஊர்ப்பெயராகக் கொடுங்கள். மாறும் தேதிகளை அதுவே பார்த்துக்கொள்ளும். நாட்காட்டி நினைவூட்டலையும் லண்டன் 2:30-க்கு வைக்காமல், நியூயார்க் மண்டலத்தில் 9:30-க்கு வையுங்கள்.