வாப்பா முதலில் மவுத்தாகிவிட்டால் பேரப்பிள்ளைகளின் நிலை

"எங்க வாப்பாவுக்கு வரவேண்டிய பங்கை சாச்சா தரமாட்டேங்கிறாங்க" என்று பத்திரக்கட்டோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: முதலில் மவுத்தானது வாப்பாவா, பாட்டனாரா?

பாட்டனார் முதலில் இறந்து, மறுநாளே வாப்பா இறந்திருந்தாலும் கவலையில்லை. வாப்பாவின் பங்கு அந்த ஒரு நாளிலேயே அவருக்குச் சேர்ந்துவிட்டது. அது அவருடைய வாரிசுகளுக்கு வரும். வாப்பா முந்திவிட்டால்தான் சிக்கல். ஷரீஅத்தில் பாட்டனார் உயிரோடு இருக்கும்வரை சொத்து முழுக்க அவருடையது. மகனுக்குப் பிறப்பால் வரும் பங்கு எதுவும் இல்லை. அதனால் முன்பே இறந்த மகன் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல அதில் ஒன்றுமில்லை. பாட்டனார் இறக்கும்போது இன்னொரு மகன் உயிரோடு இருந்தால், நெருங்கிய அவர் தூரத்துப் பேரனைத் தடுத்துவிடுவார்.

ஒரு கணக்கு பார்ப்போம். கடன், அடக்கச் செலவு போக 24 லட்சம் மிச்சம். மனைவி, ஒரு மகன், ஒரு மகள், இறந்துபோன மகனின் ஒரு பையனும் ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 லட்சம். மிச்சம் 21 மகனுக்கும் மகளுக்கும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில்: மகனுக்கு 14, மகளுக்கு 7. பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை.

இதே குடும்பத்தில் அந்த மகன் இல்லாமல் மகள் மட்டும் இருந்தால்? ஒரே மகள் பாதி, 12 லட்சம் எடுப்பார்; மனைவிக்கு 3 போக மிச்சம் 9 பேரனுக்கு 6, பேத்திக்கு 3 என்று போகும். மகள் மட்டும் இருந்தால் மகனின் பிள்ளைகளைத் தடுக்கமாட்டார். இது தெரியாமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்ட அநாதைப் பிள்ளைகளும் உண்டு. அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

பாகிஸ்தான் 1961-இல் சட்டம் போட்டு, இறந்த மகனின் பங்கைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தது. எகிப்து 1946-இல் அவர்களுக்குக் கட்டாய வஸிய்யத்தை, அதாவது கட்டாய உயிலை, கொண்டுவந்தது. இந்தியாவின் முஸ்லிம் தனிச்சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. இங்கே செய்ய வேண்டியவர் பாட்டனார்தான், அதுவும் உயிரோடு இருக்கும்போதே.

அவருக்கு இரண்டு வழிகள். ஒன்று வஸிய்யத். தடுக்கப்பட்ட பேரன் வாரிசு இல்லை என்பதாலேயே, மற்றவர்களின் சம்மதம் கேட்காமல் மூன்றில் ஒரு பங்குவரை, நம் கணக்கில் 8 லட்சம், எழுதலாம். அதற்கு மேல் என்றால் பாட்டனார் இறந்த பிறகு வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னாலும் செல்லும், ஆனால் நிரூபிப்பது பெரும்பாடு. எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.

இன்னொன்று ஹிபா, அதாவது உயிரோடு இருக்கும்போதே தானமாகக் கொடுப்பது. இதற்கு மூன்றில் ஒன்று என்ற வரம்பு கிடையாது, ஆனால் சொத்தைக் கையை விட்டுக் கொடுத்தாக வேண்டும். வளர்ந்த பேரனுக்குக் கடையை ஹிபா எழுதிவிட்டு, வாடகையைக் கடைசிவரை பாட்டனாரே வாங்கிக்கொண்டிருந்தால், சாச்சா தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அந்த வாடகை ரசீதைத்தான்.