‘வாரண்ட் எங்க சார்?’னு கேட்டவருக்கு கடைசில வாரண்ட் வந்த கதை

இந்த மாசம் மட்டும் இதே மாதிரி நாலாவது கேஸ், அதான் எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

வக்கீலான என்கிட்ட வந்த ஒருத்தருக்கு, பக்கத்து வீட்டுக்காரரோட பைக் நிறுத்துற இடத்துல சண்டை. வாய்த்தகராறு, அப்புறம் ஒரு அடி. பக்கத்து வீட்டுக்காரர் புகார் குடுத்துட்டார். மறுநாள் காலைல நம்மாளுக்கு போன், "சின்ன விசாரணை, ஸ்டேஷன் வந்துட்டுப் போங்க"ன்னு. யார்கிட்டயும் சொல்லாம தனியா போனார். போன உடனே கேட்ட முதல் கேள்வி, "வாரண்ட் எங்க சார்? வாரண்ட் இல்லாம என்னைக் கைது பண்ண முடியாது." சினிமா பார்த்து சட்டம் படிச்ச ஊர்ல இது எல்லாரும் கேக்குற கேள்விதான், என்ன பண்றது.

தயவுசெஞ்சு இதைப் புரிஞ்சுக்கோங்க. காக்னிசபிள் குற்றம்னு ஒரு வகை இருக்கு, அதுல போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது பண்ணலாம். கொலை, கொள்ளைக்கு மட்டும் இல்லை, ஒருத்தரை வழி மறிக்கிறதும் அந்த வகைதான். நான்காக்னிசபிள் குற்றம்னா மாஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாம விசாரிக்கவே முடியாது, கைதுக்கு வாரண்ட் வேணும். கையால அடிச்சு லேசான காயம்ங்கிறது மட்டும்னா நான்காக்னிசபிள். ஆனா அதோட ஒரே ஒரு காக்னிசபிள் பிரிவு சேந்துட்டா மொத்த எஃப்.ஐ.ஆரும் காக்னிசபிள் ஆயிடும். தெருச்சண்டை புகார்ல எல்லாம் ஏன் தவறாம "வழி மறித்து"ன்னு ஒரு வரி இருக்குன்னு இப்ப தெரியுதா? இவரோட எஃப்.ஐ.ஆர்லயும் ஆபாசமா திட்டினது, வழி மறிச்சது, அடிச்சதுன்னு மூணு பிரிவு.

அதனால கேக்க வேண்டிய கேள்வி வாரண்ட் பத்தினது இல்லை. "என்னை எதுக்கு கூப்பிட்டிருக்கீங்க, சாட்சியாவா, குற்றம் சாட்டப்பட்டவனாவா? நோட்டீஸ் இருக்கா?" இதுதான் கேள்வி. ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றத்துல கைது அவசியம்னா காரணத்தை எழுத்துல பதிவு பண்ணணும், அவசியம் இல்லைன்னா ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தரணும். இப்ப இருக்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ல 35ஆவது பிரிவு. பழைய சட்டத்துல 41ஏ, உச்ச நீதிமன்றம் 2014ல அர்னேஷ் குமார் வழக்குல இதை அழுத்திச் சொன்னது. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்ல அனுப்புறது செல்லாதுன்னு 2025 ஜனவரில மறுபடி சொல்லியிருக்கு. நோட்டீஸ் வந்தா மட்டும் போகாம இருந்துடாதீங்க, சொன்ன தேதிக்கு ஆஜரானா கைது பண்ண தனியா காரணம் எழுதியாகணும், போகலைன்னா அந்தக் காரணத்தை நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி.

சாட்சியா கூப்பிடுறதுன்னாலும் எழுத்துல உத்தரவு வேணும். பெண்களையும், 15 வயசுக்குக் கீழ, 60 வயசுக்கு மேல இருக்கிற ஆண்களையும், உடம்பு முடியாதவங்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி கட்டாயப்படுத்த முடியாது, அவங்க வீட்டுக்குத்தான் வரணும். உள்ள உக்காந்து பேசும்போது உங்களையே குற்றத்துல மாட்டி விடுற கேள்விக்கு பதில் சொல்லாம இருக்கலாம். விசாரணைல எழுதுற வாக்குமூலத்துல நீங்க கையெழுத்தே போட வேண்டியதில்லை, சட்டமே அப்படித்தான் சொல்லுது. வெள்ளைத்தாள்ல கையெழுத்து கேட்டா, கும்பிட்டுக் கேக்குறேன், போடாதீங்க. கைது பண்ணிட்டாங்கன்னா விசாரணை நடக்கும்போது வக்கீலைச் சந்திக்கலாம், ஆனா முழு நேரமும் வக்கீல் பக்கத்துல உக்கார முடியாது. சிலர் "வக்கீல் வராம வாய் திறக்க மாட்டேன்"னு வெளிநாட்டு சீரியல் வசனம் பேசி காரியத்தைக் கெடுத்துக்கிறாங்க.

நம்மாளு காலைல பத்து மணிக்குப் போனவர், சாயங்காலம் ஆச்சு, விடலை. அப்புறம்தான் கைதுன்னாங்க. கைதுன்னா காரணத்தைச் சொல்லணும், வீட்ல ஒருத்தருக்குத் தகவல் குடுக்கணும், விடலைன்னா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும், பயண நேரம் மட்டும் தனி. வீட்டுக்குத் தகவல் வந்தது. அங்கதான் என் வயித்தெரிச்சலே. அவங்க மனைவி பதறி ஓடினாங்க, வாசல்ல நின்ன யாரோ ஒருத்தர் "ஜாமீன் பணம் 25,000 கட்டணும்மா"ன்னு சொல்லி வாங்கிட்டார். வளையலை அடகு வச்ச பணம். எனக்குப் போன் பண்ணது அதுக்கப்புறம்.

அந்த மூணு பிரிவும் பெயிலபிள். அதாவது ஜாமீன் உரிமை, யாரோட தயவும் இல்லை. கைது பண்ற அதிகாரியே "உங்களுக்கு ஜாமீன் உண்டு, ஆள் ஏற்பாடு பண்ணுங்க"ன்னு சொல்லணும்னு பி.என்.எஸ்.எஸ். 47ஆவது பிரிவு சொல்லுது, ஸ்டேஷன்லயே பத்திரம் எழுதி வாங்கிட்டு விடணும்னு 478ஆவது பிரிவு சொல்லுது. இதைத்தான் ஸ்டேஷன் ஜாமீன்னு சொல்றோம். நான்பெயிலபிள்னாலும் ஜாமீனே கிடையாதுன்னு அர்த்தம் இல்லைங்க, கோர்ட் யோசிச்சு முடிவு பண்ணும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், ஆயிரம் தடவை சொல்லியாச்சு. பத்திரத்துல "10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்"னு எழுதியிருந்தா அந்தப் பத்தாயிரத்தை யாரும் கட்ட வேண்டாம். அது ஒரு வாக்கு. "இவர் கூப்பிடும்போது வருவார், வரலைன்னா இந்தத் தொகைக்கு நான் பொறுப்பு"ன்னு ஒருத்தர் எழுதிக் குடுக்கிறார். அதுக்கு ஆதாரமாத்தான் வீட்டு வரி ரசீது, சம்பளச் சான்று, ரேஷன் கார்டு எல்லாம் கேக்குறது. கோர்ட்டே எப்பவாவது பணமா டெபாசிட் பண்ணச் சொன்னா உத்தரவுல இருக்கும், கட்டினதுக்கு ரசீது இருக்கும். ரசீது இல்லாத ஜாமீன் பணம்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. அந்த 25,000 இன்னி வரைக்கும் திரும்பலை.

அன்னிக்கு ராத்திரியே அவர் வீட்டுக்கு வந்துட்டார். கேஸ் முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டார். நான் போன்ல தலைபாடா அடிச்சுக்கிட்டேன், "ஜாமீன்னா விடுதலை இல்லப்பா, கேஸ் நடக்கிற வரைக்கும் நீ வெளிய இருந்து வரலாம்னு அர்த்தம்"னு. தலையாட்டினார். குற்றப்பத்திரிகை தாக்கலாகி சம்மன் வந்தது, முதல் தடவை வந்தார், கோர்ட்ல மச்சான் ஜாமீன்தாரரா கையெழுத்துப் போட்டார். அதுக்கப்புறம் மூணு வாய்தா ஆளைக் காணோம். "வேலை இருந்துச்சு சார், அதான் ஜாமீன் கிடைச்சிருச்சே." வேலை இருந்தா முன்னாடியே சொன்னா அன்னிக்கு ஒரு நாளைக்கு ஆஜர் விலக்கு மனு போட்டிருப்பேன், அரைப் பக்கம் பேப்பர்.

மாஜிஸ்ட்ரேட் பிடியாணை போட்டுட்டார். பிடியாணைக்கு இத்தனை மாசம்னு காலாவதி கிடையாது, கோர்ட் ரத்து பண்ற வரைக்கும் இல்லை ஆளைப் பிடிக்கிற வரைக்கும் உயிரோட இருக்கும். பெயிலபிள் கேஸ்தானேன்னு இப்ப சொல்லவும் முடியாது, பத்திரத்தை மீறினவருக்கு அந்த உரிமையை மறுக்க கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. வராம இருந்ததே தனியா ஒரு குற்றம், ஒரு வருஷம் வரைக்கும் தண்டனை. மச்சானுக்கு "பத்தாயிரத்தை ஏன் வசூலிக்கக் கூடாது"ன்னு நோட்டீஸ் போயிருக்கு, அவர் வீட்டுல இவரோட பேச்சுவார்த்தையே நின்னு போச்சு.

நேத்து ஆபீஸ் வாசல்ல நின்னார். கையில பிடியாணையோட நகல். "சார், இது வாரண்ட்தானே?"ன்னார். ஆமாய்யா, நீ அன்னிக்குக் கேட்டதுதான்னு சொல்ல வாய் வந்துச்சு, சொல்லலை. பிடியாணையை ரத்து பண்ணச் சொல்லிக் கேக்குற ரீகால் மனுல கையெழுத்து வாங்கிட்டு திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு கோர்ட்ல இருக்கச் சொல்லியிருக்கேன், மச்சானையும் கூட்டிட்டு வரணும்.