தாத்தா வந்தானா, வந்தாரா?

மொரீசியஸில் ஒரு கோவிலில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். தைப்பூசம் முடிந்த வாரம் ஒரு பையன் எழுதியிருந்தான்: ‘என் தாத்தா காவடி எடுத்தான். அவன் வெயிலில் நடந்தான்.’ தாத்தா என்றால் அவனுக்கு உயிர். மரியாதை தெரியாமல் எழுதியதல்ல அது.

அவன் வீட்டில் பேசுவது கிரியோல். அதில் ‘லி தி வினி’ என்றால் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது எல்லாம் ஒன்றுதான். பலர் வந்தால் ‘ஸோத் தி வினி’. வந்தது யார் என்பதை ‘வினி’ காட்டிக்கொடுக்காது. தாத்தா ஒரே ஆள் என்பதால் பையன் ஒருமை போட்டான். ஆண் என்பதால் ‘அவன்’. அவன் கணக்கில் தவறே இல்லை.

முன்னிலையில் இவ்வளவு சிக்கல் இல்லை. கிரியோலிலும் தோழனை ‘தொ’ என்றும் பெரியவரை ‘ஊ’ என்றும் சொல்கிறார்கள். அதனால் நீ, நீங்கள் சீக்கிரம் பிடிபடுகிறது. ஆனால் அடுத்த நொடியே ‘நீங்கள் எப்போது வந்தாய்?’ என்று கேட்பார்கள். கிரியோலில் ‘தொ’வை ‘ஊ’ ஆக்கினால் வேலை முடிந்தது, வினை அசையாது. தமிழிலோ நீங்கள் என்ற சொல்லே இல்லாமல் ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்கலாம். மரியாதை முழுக்க அந்த ‘ஈர்கள்’ மேல்தான் நிற்கிறது.

சரி, ஒருவருக்கு எப்படிப் பன்மை வந்தது? பழந்தமிழில் அவர், வந்தார் என்பவை பலரைக் குறித்தவை. ‘ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவி’ பேச்சு வழக்கில் வரும் உயர்சொல், இலக்கண முறைப்படி அமைந்ததல்ல என்று தொல்காப்பியமே சொல்கிறது. இன்று நாம் ‘தப்பு’ என்று திருத்துவதுதான் அன்றைய இலக்கணம்! ஒருவருக்கே ‘அவர்’ என்று சொல்லிச் சொல்லி அதன் பன்மை தேய்ந்தது. பலரைச் சொல்ல ‘கள்’ ஒட்டி அவர்கள், வந்தார்கள் என்றோம். அப்புறம் அதையும் விட்டுவைக்கவில்லை: ‘தலைவர் அவர்கள் வந்தார்கள்’, பேச்சில் ‘பாட்டி வந்தாங்க’. இப்போது ‘வந்தார்கள்’ என்பதை மட்டும் வைத்து ஒருவரா பலரா என்று சொல்ல முடியாது. பெயரைப் பார்க்க வேண்டும்: பாட்டி வந்தார்கள், பாட்டிகள் வந்தார்கள்.

அதனால் இப்போதெல்லாம் வகுப்பில் அவன், அவள் என்று தொடங்குவதில்லை. முதலில் அவர், வந்தார். நண்பனும் தம்பியும் பிறகு. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: சில வாரங்களுக்கு நாயும் ‘வந்தார்’.

காவடிப் பையன் விடவில்லை. “தாத்தாவுக்கு ‘ஆர்’ போடணும், பாட்டில் முருகனுக்கு மட்டும் ஏன் ‘வந்தான்’?” என்று கேட்டான். பக்திப் பாட்டில் சாமியிடம் உரிமையோடு ஒருமையில் பேசுவார்கள் என்றேன். அடுத்த வாரம் ‘முருகன் வந்தார்’ என்று எழுதி வந்தான். முருகப்பெருமான் என்றால் ‘வந்தார்’தானே, அப்படியே விட்டுவிட்டேன்.