டீலர்ஷிப் எடுக்க வருபவரிடம் காட்ட வேண்டிய இரண்டாவது கணக்கு

டீலர் நியமிக்கும் வேலையில் இருக்கிறேன். முதலீடு செய்ய வருபவர் முதலில் கேட்பது, "மார்ஜின் எவ்வளவு?" என்பதுதான். எட்டு சதவீதம் என்று சொல்லி, நன்றாக ஓடும் ஒரு டீலரின் விற்பனையைக் காட்டினால் பாதிப் பேர் அன்றைக்கே டெபாசிட் கட்டிவிடுவார்கள். தொடக்கத்தில் நானும் அப்படித்தான் காட்டினேன். ஒரு வருடத்துக்குள் இருவர் விற்காத ஸ்டாக்கோடு வந்து நின்றார்கள். அதன்பிறகு பேச்சை முதலீட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

மாத விற்பனை 100 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத ஸ்டாக்குக்கு 92 வேண்டும். கடைகளுக்கு 21 நாள் கடன் கொடுத்தால் 70 வெளியில் நிற்கும். டெபாசிட், ரேக் எல்லாம் 18. மொத்தம் 180. டெபாசிட்டை மட்டும் முதலீடு என்று நினைத்து வருபவருக்கு இந்த இடத்திலேயே முகம் மாறும். மாறட்டும், இப்போதே தெரிவது நல்லது.

மார்ஜின் 8. குடோன் வாடகை, சம்பளம் போன்ற மாறாத செலவு 4. வண்டி, ஏற்றுக்கூலி 1. மிச்சம் 3, வருடத்துக்கு 36. முதலீட்டில் பாதியை 12 சதவீத வட்டிக்கு வாங்கியிருந்தால் 10.8 வட்டிக்கே போகும். கையில் நிற்பது 25 சொச்சம். அவரும் கடையில் உட்காருகிறார் என்றால் அவருடைய சம்பளத்தையும் இதில்தான் கழிக்க வேண்டும்.

சரி, விற்பனை 70 தான் ஆனால்? மார்ஜின் 5.6. மாறாத செலவு அதே 4, வண்டிச் செலவு 0.7. மாதம் 0.9 மிஞ்சும், வருடத்துக்கு 10.8. அது வட்டிக்குச் சரியாகப் போய்விடும். விற்பனை 30 சதவீதம் குறைந்தால் லாபம் 30 சதவீதம் குறையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் மொத்தமும் போய்விடுகிறது. இந்த இரண்டாவது கணக்கை அவர் கையாலேயே போட வைப்பேன். ஃபிரான்சைஸ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ராயல்டி பெரும்பாலும் விற்பனையின் மேல் போகும், லாபம் இல்லாத மாதத்திலும் கட்டியாக வேண்டும்.

அப்புறம், முதல் இரண்டு மூன்று மாத விற்பனையை நம்ப வேண்டாம் என்றும் சொல்வேன். அது கடைகளின் அலமாரியை நிரப்பிய சரக்கு. அதே கடைகள் மறுபடி ஆர்டர் போடுகின்றனவா என்பதுதான் அடையாளம். கம்பெனி டீலருக்கு அடித்த பில்லையும், டீலர் கடைகளுக்கு அடித்த பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குடோனில் எவ்வளவு தேங்குகிறது என்று தெரிந்துவிடும்.

இப்படிப் பேசினால் ஆள் ஓடிவிடுவார் என்று எங்கள் மேலாளரே பயந்தார். சென்ற முறை வந்தவர் கணக்கைப் பார்த்துவிட்டு, விலகிய டீலர் ஒருவரின் எண்ணைக் கேட்டார். அவரிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து வந்து, பாதிப் பகுதிக்கு மட்டும் எடுத்துக்கொள்வதாகவும், ஆறு மாதத்தில் விற்காத ஸ்டாக்கைக் கம்பெனி திரும்ப எடுக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என்றும் கேட்டார். எழுதிக் கொடுத்தோம்.